இரண்டாவது கப்ளிங்

விரிசல் விட்ட பைப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கப்ளிங் போட்டு இணைப்பது சின்ன வேலை என்றுதான் புதிதாக வருகிற தம்பிகள் நினைக்கிறார்கள். முதல் கப்ளிங்கை யாரும் ஒட்டிவிடலாம். இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கிற லைனில் இரண்டாவது கப்ளிங்கை எப்படி உள்ளே நுழைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி பைப்பில் ரம்பத்தை வைக்கும் முன்னால் லைனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்ப்பார். கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். "எது நகரும்னு தெரியாம எதையும் வெட்டாதே" என்பார்.

ஒரு வீட்டு மொட்டை மாடி வேலையை எடுத்துக்கொள்கிறேன். தொட்டியிலிருந்து 1 இஞ்ச் வெள்ளை பைப் இறங்கி, கேட் வால்வைத் தாண்டித் தளத்தின் மேல் ஓடி, கைப்பிடிச் சுவரைக் கடந்ததும் எல்போவில் திரும்பிச் சுவரோடு கீழே போகிறது. நடுவில் ஒரு பழைய கப்ளிங். அதன் விளிம்பிலிருந்து பைப்பில் நீளவாக்கில் ஒரு விரிசல். தளத்தின் மேல் ஓடும் பகுதிக்கு ஒரு கிளாம்ப்கூட இல்லை. வடகம் காயப்போட வருகிறவர்களின் கால் அதன்மேல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சாக்கெட் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் இரட்டைத் தடிமன், அது வளையாது. அதனால் வளைவு முழுவதும் சாக்கெட்டின் உதட்டில் வந்து விழும். விரிசல் அங்கே தொடங்குவது அதனால்தான்.

பழைய கப்ளிங்கைக் கழற்றிவிட முடியுமா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். முடியாது. சொல்யூஷன் வெறும் பசை இல்லை. அது பைப்பின் மேல்தோலையும் சாக்கெட்டின் உள்தோலையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே கப்ளிங்கோடு சேர்த்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. பைப்பைத் துடைத்துக் காயவிட்டு விரிசலின் நுனியில் பேனா மையைத் தேய்த்துத் துடைத்தால், மயிரிழைபோல இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியிருப்பது தெரியும். அந்த நுனிக்கு அப்பால் 2 இஞ்ச் தள்ளித்தான் நான் வெட்டுவேன். இரு புறமும் புதுக் கப்ளிங் ஏறும் அளவுக்கு நல்ல பைப் மிஞ்சுகிறதா என்பதையும் வெட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும்போது வெட்டிய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 1 இஞ்ச் என்று வாயால் கேட்டால் போதாது. வீட்டு லைனுக்குப் போடும் வெள்ளை யு.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. தோட்டத்துக்குப் போடும் சாம்பல் பைப்பை 32 மி.மீ. என்பார்கள், அதன் வெளிவிட்டமே அவ்வளவுதான். வெள்ளைக் கப்ளிங்கைச் சாம்பல் பைப்பில் போட்டால் ஆடும். அந்த ஆட்டத்தைச் சொல்யூஷன் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று செய்த மூட்டுகளை நான் பிறகு போய் வெட்டி எடுத்திருக்கிறேன். நல்ல ஜோடி என்றால், சொல்யூஷன் இல்லாமல் நுழைக்கும்போது சாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுகி நிற்க வேண்டும். தடையில்லாமல் அடிவரை போனால் அது ஜோடி இல்லை.

அளவு தவறுவதும் இங்கேதான். சாக்கெட் உள்ளே போகப்போகக் குறுகுவதால் காய்ந்த பைப் பாதியில் நிற்கும். சொல்யூஷன் பட்டதும் வழுக்கிக்கொண்டு அடிவரை போகும். பாதியில் நிற்பதை வைத்துத் துண்டை அளந்தால், ஒட்டும்போது நீளம் பற்றாது. என்னோடு இருந்த ஒரு தம்பி இப்படி அளந்து, ஒரு பக்கம் அரை இஞ்ச் மட்டுமே ஏறிய மூட்டோடு நின்றான். ஆகவே கப்ளிங்கின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்து கணக்குப் போடுங்கள். இந்த வேலையில் வெட்டு முனைகளுக்கு நடுவே 300 மி.மீ. இடைவெளி. கப்ளிங்கின் நடுவில் இருக்கும் தடுப்பு வளையம் 3 மி.மீ. இரண்டு கப்ளிங்குக்கு 6 போக, துண்டு 294 மி.மீ. சாக்கெட் ஆழம் 29 மி.மீ. நான்கு முனைகளிலும் அந்த ஆழத்துக்கு ஒரு பென்சில் கோடு, அதற்கு 2 இஞ்ச் பின்னால் இன்னொரு கோடு. முதல் கோட்டைச் சொல்யூஷன் மூடிவிடும். பின்கோட்டிலிருந்து கப்ளிங் உதடு வரை 2 இஞ்ச் இருந்தால் பைப் அடிவரை போயிருக்கிறது.

இனி நகர்வு. வால்வு பக்கம் முனை அசையாது. எல்போ பக்கம் பைப் சுவரோடு பத்தடி இறங்குகிறது. மேலிருந்து இரண்டு கிளாம்ப்பைக் கழற்றியதும் எல்போவைப் பிடித்துச் சுவரைவிட்டு 4 செ.மீ. வெளியே இழுக்க முடிந்தது. எனக்கு வேண்டியது 29 மி.மீ.தான். இப்படி நகர இடமில்லாத லைனில் ஒரு கப்ளிங்குக்குப் பதில் யூனியன் போடுவேன். அதன் இரு முகமும் தட்டையாகச் சேர்வதால் கொஞ்சம் விலக்கினாலே போதும். தடுப்பு வளையத்தை அரத்தால் ராவிவிட்டுக் கப்ளிங்கையே முழுதாகப் பைப்பின் மேல் தள்ளி இழுப்பவர்களும் உண்டு. குறுகிய சாக்கெட்டில் அது பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். பைப்பை நெருப்பில் வாட்டி வாயை விரிப்பது அதைவிட மோசம். விரிந்த இடத்தில் பைப் மெலிந்துபோகிறது.

காகிதத்தைப் பைப்பில் சுற்றி, ஓரம் ஓரத்தோடு சேரும்படி வைத்துக் கோடு போட்டால் வெட்டு நேராக வரும். பொடிப்பல் பிளேடு போதும். உள்பிசிறைக் கத்தியால் எடுங்கள். வெளி ஓரத்தை அரத்தால் சரிவாக்குங்கள், இல்லையென்றால் கூர்முனை சாக்கெட்டில் தடவிய சொல்யூஷனைச் சுரண்டிக்கொண்டு போய்விடும்.

பழைய கேட் வால்வு பெரும்பாலும் கசியும். ஒரு சொட்டு ஈரம் மூட்டில் பட்டாலும் பிடிப்பு போய்விடும் என்பதால், தொட்டிக்குள்ளேயே அவுட்லெட்டில் துணி அடைத்தேன். அந்தத் துணியை எடுக்க மறக்கக் கூடாது என்று வால்வுப் பிடியில் ஒரு கயிறு கட்டிவிடுவது மேஸ்திரியின் பழக்கம். எனக்கும் அதுவே பழகிவிட்டது. வெயிலில் காய்ந்த பைப்பில் சொல்யூஷன் தடவும்போதே உலர்ந்துவிடும். காலையிலேயே செய்யுங்கள், முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றிச் சூடு ஆறியபின் நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். டப்பாவில் கட்டியாகிப்போன சொல்யூஷனை எறிந்துவிடுங்கள்.

பைப்பில் தாராளமாக, சாக்கெட்டுக்குள் மெல்லிசாக. உள்ளே அதிகம் போட்டால் அது பைப்புக்குள் தேங்கி அங்கே சுவரை இளக்கும். முதலில் துண்டின் இரு முனையிலும் கப்ளிங்கை ஏற்றினேன். பிறகு வால்வு பக்கம். நுழைக்கும்போதே கால் சுற்று திருப்பி, அடியைத் தொட்டதும் நிறுத்தி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். குறுகிய சாக்கெட் பைப்பை வெளியே தள்ளப் பார்க்கும். கடைசி மூட்டில் திருப்ப வழி இல்லை. அதனால் எல்போவை இழுத்துப் பிடிக்க ஓர் ஆளை வைத்து, இரண்டு பக்கமும் தடவி, நேராக வைத்து, "விடு" என்றதும் இருவருமாகத் தள்ளினோம். பின்கோட்டிலிருந்து அளந்தேன், 2 இஞ்ச். உதட்டைச் சுற்றி மெல்லிய வளையமாகச் சொல்யூஷன் பிதுங்கியிருந்தது. எங்காவது அந்த வளையம் அறுந்திருந்தால் அங்கே சொல்யூஷன் போதவில்லை. மேலே பூசி அதைச் சரிசெய்ய முடியாது.

அன்று தண்ணீர் விடவில்லை. ஒரு நாள் ஆறவிட்டு, துணியை எடுத்துவிட்டு, கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்தபடி வால்வை மெதுவாகத் திறந்தேன். காற்று சீறி வெளியேறிய பிறகு குழாயை மூடிவிட்டு, ஒவ்வொரு உதட்டிலும் காய்ந்த காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் கிளாம்ப்புகளைத் திரும்ப முடுக்கினேன். தளத்தில் இரண்டு கப்ளிங்குக்கும் அருகில் ஒவ்வொரு கட்டை வைத்துப் புதுக் கிளாம்ப் அடித்தேன், பைப் நீளவாக்கில் நகரும் அளவுக்குக் கொஞ்சம் தளர்வாக. வடகம் போடும் இடத்தை மட்டும் வேறு பக்கம் மாற்றிக்கொள்ளும்படி வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.