தெள்ளாறு

என் தாத்தாவின் ஊரை இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை எனக்குப் பதினைந்து வயது. இரண்டாம் முறை ஐம்பது கடந்திருந்தது. சிறுவயதில் நடந்தது அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவும் உண்மை இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

தாத்தா முனுசாமி 1903-இல் பிஜிக்கு வந்தவர். கல்கத்தாவிலிருந்து 1879 முதலே அங்கே கூலிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. மதராஸிலிருந்து ஆள் ஏற்றி வந்த முதல் கப்பல் 'எல்பின்ஸ்டன்'. அதில்தான் தாத்தா வந்தார். ஐந்து வருட ஒப்பந்தம். கிர்மிட் என்பார்கள். 'பா' நகரத்துப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை. பத்து வருடம் கழித்தவர்களை இலவசமாகவே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். தாத்தா போகவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஊரைக் கேட்டால் சொல்வார். பல் இல்லாத வாய். நான் பள்ளியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். காவிரி, தஞ்சாவூர், பெரிய கோயில் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்தன. எங்களை 'மதராஸி' என்று கேலி செய்த வடக்கத்திப் பையன்கள் நடுவில் எனக்கு ஒரு பெரிய ஊர் வேண்டியிருந்தது. "திருவையாறா தாத்தா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் ஊரைச் சொன்னார். "அதேதான், திருவையாறு" என்றேன். கைநாட்டு வைக்கும் மனிதர், படித்த பேரனோடு வாதாடவில்லை. அவர் தலையாட்டியதை நான் பார்த்தேன். அதனால்தான் அறியாமை என்று சொல்ல மாட்டேன் என்கிறேன்.

அதன்பின் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் திருவையாறு பூர்வீகம் ஆனது. தாத்தா இறந்தபோது ஈமப் பத்திரிகையிலும் அதையே எழுதினேன். 1987-இல் ராணுவப் புரட்சி நடந்தபின் நான் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தேன். அங்கேயும் கேட்பவர்களிடம் அதையே சொன்னேன்.

தாத்தாவின் கடைசி மகள், என் அத்தை, அதை என்னைவிட உறுதியாக நம்பினார். 1998-இல் தன் வளையல்களை விற்று இந்தியா போனார். எழுபதைத் தாண்டிய வயது. திருவையாற்றில் தெருத்தெருவாக, "பிஜிக்குப் போன முனுசாமி வீடு எது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. காவிரிப் படித்துறையில் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்பினார். "எல்லாரும் செத்துப் போயிருப்பாங்கப்பா" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன்.

சில வருடங்கள் கழித்து, இந்திய வம்சாவளி அட்டைக்கு விண்ணப்பிக்க எண்ணிச் சூவாவுக்குத் திரும்பினேன். தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டுவதற்கு அவருடைய குடிப்பெயர்வுச் சீட்டின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டது. அந்தச் சீட்டுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடுவது வீண், முனுசாமிகள் ஏராளம். கப்பலும் சீட்டு எண்ணும் வேண்டும். அப்பாவின் பிறப்புப் பதிவில் தாத்தாவின் எண் இருந்தது.

ஒரே பக்கம். மேலே கப்பல் பெயர். கீழே அச்சிட்ட கேள்விகளுக்கு எதிரே ஓர் எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், நெருங்கிய உறவினர். கிராமம் என்ற இடத்தில் 'டெல்லார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. முதலில் அது எங்கே என்று விளங்கவில்லை. தாத்தா சொன்னதை மதராஸ் டிப்போவில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் காதால் கேட்டு எழுதியது. அதைத் தனியாகப் படித்தால் எந்த ஊராகவும் எடுத்துக்கொள்ளலாம். மேலே இருந்த இரண்டு வரிகளோடு சேர்த்துப் படித்தேன். ஜில்லா, வட ஆற்காடு. தாலுகா, 'வாண்டிவாஷ்'. வந்தவாசியை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். வந்தவாசித் தாலுகாவில் தெள்ளாறு. பல் இல்லாத அந்த வாய் சொன்னது இதைத்தான். என் காதுக்கு அப்போதே கேட்டது.

வேறொரு முனுசாமியாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். உடல் அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. சிறுவயதில் அந்தத் தழும்பை விரலால் தடவியிருக்கிறேன். இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. நெருங்கிய உறவினர்: தம்பி எல்லப்பன்.

சாதி என்ற இடத்தில் பறையர் என்று இருந்தது.

இங்கேதான் என் குற்றம். பெரிய ஊரைச் சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுக் குடும்பம் என்று ஆக்லாந்தில் பலரிடம் சொல்லியிருந்தேன். என் மகனின் மாமனார் வீட்டாரிடமும் சொல்லியிருந்தேன். தாளைப் பார்த்ததும் தாத்தா நினைவுக்கு வரவில்லை. அவர்கள் முகங்கள்தான் வந்தன. எனக்குக் கை நடுங்கியது. அது பயம். தாத்தாவை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதும் உண்மை. அந்த வெட்கத்தை எண்ணித்தான் இன்று வெட்கப்படுகிறேன்.

அடுத்த நாள் 'பா'வுக்குப் போனேன். அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது அத்தை."

"ஊரு போட்டிருக்கா?"

தாள் என் பைக்குள் இருந்தது. எடுத்துப் படித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். "திருவையாறுதான் அத்தை" என்றேன்.

"யாரு பேராவது இருக்கா?"

"யாரு பேரும் இல்லை."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நான் சரியான இடத்துலதான் திதி கொடுத்திருக்கேன்" என்றார். அதற்கும் நான் ஆமாம் என்றேன்.

தெள்ளாறு என்று எழுதிய அதே தாளைத்தான் இந்தியத் தூதரகத்தில் கொடுத்தேன். அட்டையை வாங்கிக்கொண்டேன். எனக்கு ஆதாயம் தரும் இடத்தில் உண்மையைக் காட்டினேன். அதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவரிடம் மறைத்தேன். அதன்பின் அத்தை உயிரோடிருந்த காலம் முழுவதும், மாதந்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கலாம். அத்தை 2009-இல் இறந்தார்.

நான்கு வருடம் கழித்து அத்தை மகளிடம் நகலைக் கொடுத்தேன். மனசாட்சி விழித்ததால் கொடுத்தேன் என்று சொல்ல விரும்புகிறேன். மகனின் மாமனார் இறந்துவிட்டிருந்தார், பயப்பட ஆள் இல்லை என்பதும் அதில் ஒரு பங்கு.

அவள் நின்றுகொண்டே கடைசி வரிவரை படித்தாள். "அம்மா இருக்கும்போதே இது உங்ககிட்ட இருந்துதா மாமா?"

"இருந்துது."

"ஏன் சொல்லலை?"

"சாதி தெரிஞ்சிடும்னு பயந்தேன்."

"அம்மாவுக்கா? அம்மாவுக்கு அது தெரியும். தாத்தா அவங்ககிட்டச் சொல்லியிருக்கார். ஊருதான் நீங்க சொன்னதுன்னு நம்பினாங்க."

அடுத்த தை மாதம் அவள் தெள்ளாற்றுக்குப் போனாள். இப்போது திருவண்ணாமலை மாவட்டம். என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடும்படி கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. அங்கே சீட்டில் இருந்த எல்லப்பன் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அவருடைய மகள் இருந்தார். எண்பதைத் தாண்டிய கிழவி, நினைவு தெளிவாக இருந்தது. கப்பலேறிய பெரியப்பாவுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் தன் அப்பா ஓர் இலை போட்டு வைப்பார் என்றாராம். பெரியப்பாவுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று அவர் கேட்ட முதல் கேள்விக்கு, "உங்க வயசுல ஒரு மகள் இருந்தாங்க, எங்கம்மா" என்று இவள் சொல்ல வேண்டியிருந்தது.

இதை என் தம்பி சொல்லித்தான் நான் அறிந்தேன். அவள் என்னிடம் பேசுவதில்லை.