ஏழாவது இடத்தில் கடன்

அந்த அறிக்கையில் கடன் ஏழாவது இடத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவன் நான். வினாக்கொத்தோடு போன பிள்ளைகள் மீதோ, பதில் சொன்ன சனங்கள் மீதோ பழி போட இடமில்லை. கணக்கைப் போட்டது என் கை. போடும்போதே எங்கேயோ இடிக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

2017ஆம் ஆண்டு. மட்டக்களப்பின் எழுவான்கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஒரு மீனவக் கிராமம். அதன் தேவைகளை மதிப்பிட்டு முன்னுரிமைப் பட்டியல் தருவது எனது வேலை. கிராம சேவகரின் பதிவேட்டில் இருந்து வீடுகளைத் தெரிவுசெய்து வினாக்கொத்தை நிரப்ப வேண்டும். மீனவர் சங்கத்தோடும் மாதர் சங்கத்தோடும் தனித்தனியே இருந்து கதைக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து, முதலாவது தேவை எது, இரண்டாவது எது என்று வரிசைப்படுத்த வேண்டும். இப்படியான அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்குத்தான் பெறுமதி. அந்த வரிசையைப் பார்த்துத்தான் காசு ஒதுக்குவார்கள்.

பிழை படலையடியிலேயே தொடங்கிவிட்டது. தெரிவான வீடுகளில் கணிசமானவை பூட்டியிருந்தன. ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டை எடுக்கலாம் என்று நானே விதி எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். படலை சாத்தியிருந்த ஒரு வளவுக்குள் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டோம், சத்தமில்லை. திரும்பி மோட்டார் சைக்கிளில் ஏறும்போது வேலிக்கு மேலால் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “லோன் காசுக்கு வந்தவங்க எண்டு நினைச்சிட்டன் மனே” என்றார்.

மோட்டார் சைக்கிள், தோளில் பை, கையில் கோப்பு, காலை நேரம். கிழமைக் கடன் அறவிட வருபவரின் கோலம் அப்படியே எங்களுக்கும் இருந்தது. அந்தக் கடன்களைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று எடுத்திருந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே கட்ட முடியாதவள் அறவிட வருபவருக்கு மட்டுமல்ல, தன் குழுக்காரிகளுக்கும் ஒளிக்க வேண்டியிருந்தது. கடன் கூடின வீடுதான் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தியது. அந்த வீட்டைத் தள்ளிவிட்டு, கதவு திறந்திருக்கும் அடுத்த வீட்டில் போய்க் கடனைப் பற்றிக் கேட்டோம்.

அன்றைக்கே விதியை மாற்றியிருக்கலாம். அதே வீட்டுக்குப் பின்னேரம் போகலாம். உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தியை நடந்து போகச் சொல்லலாம். குறைந்தது, எத்தனை வீடுகளை மாற்றினோம், அவை எந்த ஒழுங்கைகளில் இருந்தன என்றாவது எழுதி வைக்கலாம். தவணை நெருங்கியதால் ஒன்றையும் செய்யவில்லை. மாற்றிய வீடுகளின் எண்ணிக்கை அறிக்கையில் இல்லை.

இரண்டாவது பிழை மேசையில் நடந்தது. ஒவ்வொரு வீட்டிடமும் மூன்று தேவைகளைச் சொல்லச் சொல்லியிருந்தோம். முதலாவதுக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. சனங்கள் தங்கள் சொல்லில் சொல்லியிருந்ததை நான் தலைப்புகளாகப் பிரித்தேன். “கிழமை லோன்” ஒரு தலைப்பு. “வட்டிக்காசு” இன்னொன்று. “அடகு வைத்த நகையை மீட்க வேண்டும்” மூன்றாவது. கிழமை லோனைக் கட்டத்தான் வட்டிக்கு எடுக்கிறார்கள், வட்டியைக் கட்டத்தான் நகை அடகுக்குப் போகிறது என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இது என்ன செய்யும் என்பது விளங்குவதற்காக எண்களை உருண்டையாக வைத்துச் சொல்கிறேன். நூறு வீடுகள் என்று எடுங்கள். லோனை 18 வீடுகளும், வட்டியை 12 வீடுகளும், நகையை 12 வீடுகளும் முதலாவதாகச் சொல்கின்றன. புள்ளிகள் 54, 36, 36. வலையை 20 வீடுகள் முதலாவதாகவும் 20 வீடுகள் இரண்டாவதாகவும் சொன்னால் 100 புள்ளி. உள்வீதியை 80 வீடுகள் மூன்றாவதாகச் சொன்னால் 80 புள்ளி. ஆக, வலை முதலாவது, வீதி இரண்டாவது. ஒரு வீடுகூட முதலாவதாகச் சொல்லாத வீதி, 42 வீடுகள் முதலாவதாகச் சொன்ன கடனுக்கு மேலே போய் நிற்கிறது. மூன்று துண்டையும் ஒட்டினால் கடனுக்கு 126 புள்ளி, முதலிடம். சனங்களின் பதிலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நான் போட்ட தலைப்புத்தான் மாறுகிறது.

ஏன் ஒட்டவில்லை? காசு தருபவர்கள் படகு, வலை, மலசலகூடம், வீதி, கிணறு என்று தாங்கள் செய்யக்கூடியவற்றை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கடன் அதில் இல்லை. அவர்களால் தீர்க்க முடியாத ஒன்றை முதலிடத்தில் வைத்துக் கொடுத்தால் அறிக்கை திரும்பி வரும் என்று பயந்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் வளைந்தேன்.

சனங்களும் வருபவரைப் பார்த்துத்தான் கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் தேவைக்கு மேலாகச் சிறு படகுகள் வந்து குவிவதைப் பற்றி உலக உணவு விவசாய அமைப்பே எச்சரித்தது. எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை அந்தக் காலம் கற்றுக் கொடுத்திருந்தது. எனவே வலை என்று சொன்ன எல்லா வீட்டிலும் வலைதான் முதல் குறை என்று எடுக்க முடியாது. அதைச் சரிபார்க்கத்தான் நேர்காணல் இருக்கிறது.

அந்த நேர்காணலை நான் வீணாக்கியதுதான் மூன்றாவது பிழை. மீனவர் சங்கத்தில் ஆண்கள் வலையைப் பற்றிக் கதைத்தார்கள். மாதர் சங்கத்தில் கதை லோனை விட்டு நகரவேயில்லை. எந்தக் கிழமை எந்தக் கொம்பனி வரும் என்று நாள்வாரியாகச் சொன்னார்கள். வாவியில் இறால் படாத மாதங்களிலும் தவணை நிற்காது என்றார்கள். ஆய்வு ஒன்றைச் சொல்ல, நேர்காணல் வேறொன்றைச் சொன்னால் அங்கேதான் வேலை தொடங்க வேண்டும். பதிவேட்டுக்குத் திரும்பிப் போய் யாரைத் தவறவிட்டோம், எதைப் பிரித்தோம் என்று தேட வேண்டும். நான் செய்தது என்ன? அந்தப் பெண்கள் சொன்னதில் நல்ல இரண்டு வரியை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் கட்டம் போட்டுச் சாய்வெழுத்தில் வைத்தேன். வாசித்தவர்கள் மனதைத் தொடுகிறது என்றார்கள். வரிசை அப்படியே இருந்தது.

வலை கொடுக்கப்பட்டது. அதில் சில வலைகள் கட்டு அவிழாமலே விலைப்பட்டுத் தவணைக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. கொழும்பு வரைக்கும் கேட்ட ஒரு விசயம், அதே ஊருக்குள் இருந்து எழுதிய என் அறிக்கையில் ஏழாவதாக இருந்தது.

அதற்குப் பிறகும் திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை. வேறு இரண்டு திட்ட முன்மொழிவுகளில் “சமூகமே தெரிவுசெய்த முன்னுரிமைகள்” என்று என் பட்டியலை எடுத்துப் போட்டிருந்ததைக் கண்டும் பேசாமல் இருந்தேன். பிழை விட்டதைவிட அதற்குத்தான் எனக்கு வெட்கம்.

இப்போது யாராவது தேவை மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைக் கையில் தந்தால் கடைசிப் பக்கத்தைப் பிறகுதான் பார்க்கிறேன். எத்தனை கதவுகள் திறக்கவில்லை, எந்தப் பதில்களை எந்தத் தலைப்பில் போட்டார்கள், சங்கக் கூட்டங்களில் சொன்னதால் வரிசையில் ஏதாவது இடம் மாறியதா என்று கேட்கிறேன். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பட்டியலை ஊருடையது என்று நான் எடுப்பதில்லை. என்னுடைய அறிக்கையில் மூன்றுக்கும் பதில் இல்லை.