விதைப் பொட்டலத்தில் விடுபட்ட ஒரு புள்ளி



எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தாயார், பேகம்பூரில் தம் வீட்டுக் கொல்லையில் சிறிய காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். ஜோர்தானில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி விடுப்பில் வந்தபோது, பீட்ரூட் விதைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். பொட்டலத்தில் இருந்தது முழுக்க அரபு. ஆவணிக் கடைசியில் அதன் பின்புறத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பிய அந்தச் சகோதரி, "ஹஜ்ரத், இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார்.

இரு பாடவேளைகளுக்கு இடையே அவசரமாக எழுதி அனுப்பினேன். ஆழம் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இரண்டு வாரம் கழிந்தும் ஒரு முளைகூட வரவில்லை. "நீங்கள் சொன்னபடி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டித்தான் போட்டேன்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

வெயிலில் வைத்துத் தெளிவாக மறுபடியும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஆழம் 15 அன்று, 1.5. அரபு எண்களில் தசமக் குறி காற்புள்ளி போன்ற சிறு கீற்று. மங்கலான படத்தில் அது காணாமல் போயிருந்தது. அரபு எழுத்தில் வரும் எண்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சுழியம் வெறும் புள்ளிதான். நாம் சுழியமாக நினைக்கும் வட்டமோ அங்கே ஐந்து. இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல் மட்டுமே வேறுபாடு.

எண்ணைப் படித்தவுடன் விதையைப் பார்த்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். பொதுவாக விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும். பீட்ரூட் விதை மிளகு அளவே இருக்கும். அதற்கு ஒன்று, ஒன்றரை செ.மீ. மண் சரி. 15 செ.மீ. ஆழத்திலிருந்து மேலே வர அதன் முளைக்குச் சக்தி போதாது.

மீதி விதைகளைப் புரட்டாசியில் ஊன்றினார். எங்கள் செம்மண் மழைக்குப் பின் மேலே ஓடுபோல் இறுகிவிடும். ஆகையால் சலித்த மட்கிய எருவை மணலோடு கலந்து மேலே தூவச் சொன்னேன். எட்டாம் நாள் முளை வந்தது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது: "ஒரு விதை போட்ட இடத்தில் மூன்று நான்கு முளைக்கிறதே?"

பொட்டலத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. அங்கே இருந்த சொல் 'தக்ஃபீஃப்'. இலேசாக்குதல் என்ற பொருளில் ஓதிப் பழகிய நான், 'தண்ணீரைக் குறைத்து விடவும்' என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் அச்சொல்லுக்குப் பொருள் 'நெருக்கத்தைக் கலைத்தல்'. பீட்ரூட்டில் நாம் விதை என்று ஊன்றுவது பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. மூன்று இலை விட்டதும் ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் பின்னியிருக்கும் வேர் நிற்கும் செடியையும் அசைத்துவிடும். வெட்டியதைக் கீரையாகச் சமைக்கலாம். 10 செ.மீ. இடைவெளி இந்த வேலை முடிந்த பின் இருக்கவேண்டிய அளவு. அப்படிக் கலைக்காமல் விட்டால் இலை மட்டும் செழித்துக் கிழங்கு விரல் பருமனோடு நின்றுவிடும்.

பருவம் பற்றிய வரியில் ஆதார், நீசான், ஐலூல், திஷ்ரீன் அவ்வல் என்று மாதப் பெயர்கள் இருந்தன. இவை ஹிஜ்ரி மாதங்கள் அல்ல. பிறையாண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே முஹர்ரம் ஒரு சமயம் கோடையிலும் ஒரு சமயம் குளிரிலும் வரும். விதைக்கும் காலத்தை அதனால் சுட்ட முடியாது. ஷாம் பகுதி மக்கள் உழவுக்குச் சூரிய மாதங்களையே வைத்துக்கொண்டார்கள். ஆதார் மார்ச், நீசான் ஏப்ரல், ஐலூல் செப்டம்பர், திஷ்ரீன் அவ்வல் அக்டோபர்.

பெயர்களை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. ஜோர்தானில் மார்ச் குளிர் விலகும் இளவேனில். திண்டுக்கல்லில் அது வெயில் ஏறும் பங்குனி. அந்தச் சூட்டில் பீட்ரூட் முளைத்தாலும் கிழங்கு சரியாகத் திரளாது. வெட்டினால் உள்ளே வெளிறிய வளையங்கள் தெரியும். ஆகவே அந்த இரண்டு மாதங்களை மொழிபெயர்த்து, பக்கத்தில் 'நம் ஊருக்கு ஆகாது' என்று என் குறிப்பாகத் தனியே எழுதினேன். பொட்டலம் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று படிப்பவருக்குத் தெரியவேண்டும், அது அமானிதம்.

கார்த்திகைக் கடைசியில் அந்தச் சகோதரி மகனிடம் ஏழு பீட்ரூட் கொடுத்தனுப்பினார். நான் வீணாக்கிய பாதிப் பொட்டலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இப்போது யாராவது பொட்டலப் படம் அனுப்பினால், உள்ளங்கையில் விதையை வைத்து இன்னொரு படமும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.