இத்துடன் நிறுத்தவும்

மார்டள்ளியில் என் பெரியப்பா வீட்டில் ஒரு பாஸ்கு நோட்டு இருந்தது. இயேசுவின் பாடுகளைத் தவக்காலத்தில் நாடகமாகப் போடுவதற்காக அவர் இளவயதில் கையால் எழுதியது. கடைக்காரர்கள் கணக்கெழுதும் நீளமான பேரேடு. அதைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். ஏற்றியும் கொடுத்தேன். நான் கொடுத்த பிரதியில் மாதாவின் புலம்பல் இல்லை. ஒன்பது இடங்களில் பாட்டுகள் மாறியிருந்தன. ஆறு பக்கங்கள் இன்றைக்கு எங்குமே இல்லை. இவை அத்தனைக்கும் நான்தான் காரணம். அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்து, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொள்ளேகாலம், ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலைக் காட்டை ஒட்டி இருக்கிறது மார்டள்ளி. தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர். 1956 வரை கொள்ளேகாலம் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டமாகப் பிரிந்தாலும், எங்கள் வாயில் இன்னும் மைசூர்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தை வீட்டிலும் கோயிலிலும் கற்றுக்கொண்டேன். அதனால் எங்களுக்குக் கையெழுத்து நோட்டு என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. ஊரின் தமிழ் பாதி அந்த நோட்டுகளில்தான் கிடக்கிறது.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படமெடுத்தேன். மொத்தம் 212 படங்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராத்திரி ராத்திரியாகப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். பாட்டும் வசனமும் போக, அந்தப் பக்கங்களில் வேறொரு வகை எழுத்தும் இருந்தது. ‘இருமுறை பாடவும்’, ‘இது வேண்டாம்’, ‘இதை நீக்கி அடுத்த பக்கத்து விருத்தம் சேர்க்க’, ‘இத்துடன் நிறுத்தவும்’. ஓரத்தில் பென்சிலில், வரிகளுக்கு நடுவில் பால்பாயிண்டில், சில இடத்தில் பக்கத்தின் குறுக்கே பெரிதாக.

இவற்றில் ஒன்றைக்கூட நான் தட்டச்சு செய்யவில்லை. சொன்னபடி செய்தேன். இருமுறை பாடவும் என்றால் பாட்டை இரண்டு தடவை அடித்தேன். வேண்டாம் என்றால் விட்டேன். நீக்கு என்றால் நீக்கி, சேர் என்றால் சேர்த்தேன். சொன்னதைச் செய்து முடித்தபின் அந்த வாக்கியத்துக்கு என்ன வேலை என்று அதையும் விட்டுவிட்டேன். பெரியப்பாவின் விருப்பத்தை நிறைவேற்றுகிறேன் என்ற நம்பிக்கை எனக்கு முழுசாக இருந்தது.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் பீடச்சிறுவன். பூசைப் புத்தகத்தில் கறுப்பு எழுத்தும் சிவப்பு எழுத்தும் இருக்கும். கறுப்பில் இருப்பதை வாயால் சொல்ல வேண்டும், சிவப்பில் இருப்பதைச் செய்ய வேண்டும். ‘முழந்தாளிடுக’ என்பதை யாரும் வாய்விட்டு வாசிப்பதில்லை, மண்டியிடுகிறோம். பூசையில் அதுதான் சரி. ஆனால் அதே பூசைப் புத்தகத்தை ஒருவர் நகலெடுக்க உட்கார்ந்தால், சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். நகலெடுக்கிறவர் மண்டியிட்டுவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போனால், அடுத்துப் பூசை வைக்கும் சாமியாருக்கு எங்கே மண்டியிடுவது என்று தெரியாது. நான் பூசைக்காரனாக நோட்டின் முன் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்க வேண்டியது நகலெழுதுகிறவனாக.

தவறு தெரிந்தது பெரியப்பா காலமான மறுவருடம். அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிலுவையடி வந்ததும் முடித்துவிட்டேன். அவர் காத்திருந்து பார்த்தார்.

“ஏங்கண்ணு, மாதா புலம்பலை எங்க வெச்ச?”

“நோட்டுல அவ்வளவுதான் பெரியம்மா. ‘இத்துடன் நிறுத்தவும்’னு பெரியப்பாவே போட்டிருக்காரு.”

“கூத்து ரெண்டு ராத்திரி நடக்கும் கண்ணு. மொத ராத்திரி அங்க நிறுத்தோணும்னு வேசக்காரங்களுக்கு எழுதுனது. உனக்கா எழுதுனாரு?”

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு வெற்றுப் பக்கம். அதன் பின்னால் நான்கு பக்கத்துக்கு மாதாவின் புலம்பல், பெரியப்பாவின் நல்ல கையெழுத்தில். நானே எடுத்த படங்கள். நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன், கடைசிப் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொரு படமாக முதலிலிருந்து பார்த்தேன். 63ஆம் படத்தைச் சொல்கிறேன், அதில் என் தவறு முழுசாகத் தெரியும். யூதாஸ் காசை வீசியெறிகிற இடம். அவன் பாடுகிற விருத்தம் நீல மைப்பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் இடப்பக்க ஓரத்தில் பென்சிலில், ‘இதை நீக்கி அடுத்த பக்கத்து விருத்தம் சேர்க்க’. 64ஆம் படத்தில் அந்த மாற்று விருத்தம் இருக்கிறது, ஆனால் பால்பாயிண்டில், எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து. பெரியப்பாவின் கை அப்படிச் சாயாது. ஆக அங்கே இரண்டு ஆட்கள், இரண்டு காலம். பெரியம்மாவைக் கேட்டேன். ஒரு வருடம் யூதாஸ் வேடம் கட்டியவருக்குத் தொண்டை மேலே எட்டவில்லையாம், அதனால் இறங்கிய ராகத்தில் வேறொன்றை எழுதிச் சேர்த்தார்களாம். அடுத்த வருடம் வேறு ஆள் வந்ததும் பழையதையே பாடியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு, ஒரு தொண்டைக்காக எழுதிய கட்டளை அது. நான் அதை எல்லா வருடத்துக்குமாக நிறைவேற்றி, மூல விருத்தத்தை என் பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

படத்துக்குள் இருக்கிற கட்டளை யாரோ ஒருவர், யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு நாளில் சொன்னது. மை மாறுவதும், கை மாறுவதும், ஓரத்தில் இடுங்கி நிற்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். அவை எதுவும் தெரியாத பக்கத்திலும் ஒன்று மட்டும் நிச்சயம்: நகலெடுக்கிறவரை மனதில் வைத்து அது எழுதப்படவில்லை. அவருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவே. எந்த மையில், எந்த இடத்தில் இருக்கிறதோ அதையும் குறித்து அப்படியே எழுத வேண்டிய வரி.

எனக்கு இதைத் தெளிய வைத்தது கல்வெட்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மசிப்படிகள் பல்லாண்டுக் காலம் அங்கேதான் இருந்தன. நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மசியை ஒற்றி எடுக்கிற படி அது. வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுப்பாகும். கல்லின் படம் என்றே சொல்லலாம். அந்தப் படிகளைப் பார்த்துப் பாடம் எழுதிய அறிஞர்கள் முன்னால் எத்தனையோ கட்டளைகள் வந்திருக்கின்றன. ‘கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க’ என்பது பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அரசாணை வாசகம். அதைப் படித்த எந்தக் கல்வெட்டறிஞரும் உளியைத் தேடிப் போகவில்லை, அந்த வரியை விட்டுவிடவும் இல்லை. எழுத்தெழுத்தாகப் பதிப்பித்தார்கள். அதைவிட என்னை உலுக்கியவர் கல்தச்சர். அந்தக் கட்டளை கோயிலுக்கு வந்து, வெட்டும் வேலை அவர் கைக்குத்தான் வந்து சேர்ந்தது. நிறைவேற்ற வேண்டிய கடமை உண்மையிலேயே அவருக்கு இருந்தது. வெட்டினார், வெட்டச் சொன்ன வாசகத்தையும் சேர்த்து வெட்டினார். அதனால்தான் அப்படி ஓர் ஆணை வந்தது என்பதே இன்று நமக்குத் தெரிகிறது.

இதற்கு முன் நான் ஏற்றிய ஓர் அச்சு ஜெபப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசித் தாள் பிழைதிருத்தம். இன்ன பக்கம், இன்ன வரி, இதை இப்படித் திருத்தி வாசிக்கவும் என்ற பட்டியல். நான் உள்ளே திருத்திவிட்டு, பட்டியலையும் அடித்து வைத்திருந்தேன். இப்போது அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடுகிறவருக்குப் பிழை கிடைக்காது. எது அச்சில் இருந்தது, எது நான் கைவைத்தது என்று பிரிக்கவும் முடியாது. திருத்தங்களை எல்லாம் திருப்பிப் பழைய பிழைகளையே உள்ளே வைத்தேன். பட்டியல் கடைசியில் தன் இடத்தில் நிற்கிறது. திருத்தி வாசிப்பது வாசகர் வேலை.

பாஸ்கு நோட்டை மறுபடி முதலிலிருந்து அடித்தேன். பழைய ஏடுகளைப் பதிப்பிக்கிறவர்கள் பயன்படுத்தும் டி.இ.ஐ. என்ற குறியீட்டு முறை இதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. 63ஆம் படத்தின் ஓரம் இப்போது இப்படி இருக்கிறது:

```
<note place="margin" hand="#h2">இதை நீக்கி அடுத்த
பக்கத்து விருத்தம் சேர்க்க</note>
```

ஓரத்தில் இருக்கிறது, இரண்டாவது ஆளின் கை என்பது மட்டும்தான் இதில் நான் சேர்த்தது. விருத்தம் இரண்டும் அதனதன் பக்கத்தில் இருக்கின்றன. ‘இருமுறை பாடவும்’ என்ற இடத்தில் பாட்டு ஒரே தடவை, பக்கத்தில் அந்த வாசகம். அடுத்த முறை கூத்துப் போடுகிற வாத்தியார் நாடகத்துக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தீர்மானம் அவருடையது. இந்தக் கணினி முறை தெரியாவிட்டாலும் குறையில்லை. சதுர அடைப்புக்குள் ‘ஓரத்தில் பென்சிலில்’ என்று குறித்துவிட்டு வாசகத்தை அப்படியே எழுதினால் போதும்.

இவ்வளவும் செய்ய முடிந்தது படங்கள் இருந்ததால்தான். பெரியப்பா போனபின் ஒரு மழைக்காலத்தில் பரண் ஒழுகி நோட்டு கூழாகிவிட்டது. 212 படங்களில் 206 என்னிடம் இருக்கின்றன. மற்ற ஆறில் பக்கத்தின் குறுக்கே ‘இந்தத் தாள் வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. செல்பேசியில் இடம் போதவில்லை என்றதும் எதை அழிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று அந்த ஆறையும் அழித்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று நினைவில் இல்லை, ஏனென்றால் வாசிக்கவே இல்லை. பெரியம்மா பேதுரு மறுதலிக்கிற காட்சியாக இருக்கலாம் என்கிறார். அந்தக் காட்சி இப்போது என் பிரதியில் எங்கும் இல்லை.

புதிய பிரதியில் அந்த இடத்தில், ‘இங்கே ஆறு பக்கங்கள் இருந்தன. நகலெடுத்தவர் தவறால் அழிந்தன’ என்று எழுதியிருக்கிறேன். மார்டள்ளியிலோ, சுற்றுப்பட்ட ஊர்களிலோ, இங்கிருந்து சேலம், கோவைப் பக்கம் போய்க் குடியேறிய வீடுகளிலோ அந்த நாடகத்தில் வேடம் கட்டியவர்கள் இருப்பார்கள். தங்கள் பங்கை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்வது வேசக்காரர்களின் வழக்கம். பேதுருவின் பங்கு யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், தாளின் முன்பக்கம், பின்பக்கம், ஓரத்துக் கிறுக்கல் உட்பட எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். ‘தேவையில்லை’ என்று எழுதியிருக்கிற தாளையும் எடுங்கள்.