அரைக் கிலோவுக்கு எவ்வளவு ஏறும்?

2025 ஜனவரி கடைசியில் எங்கள் காபிப்பொடி கடையில் விலை ஏற்ற வேண்டி வந்தது. மேற்கு மாம்பலத்தில் சின்னக் கடை. வறுக்கிற மெஷின் ஒன்று, அரைக்கிற மெஷின் ஒன்று, முதலாளி, நான். அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை 1977-ஆம் ஆண்டின் உச்சத்தையே தாண்டிவிட்டது. குடகிலும் சிக்மகளூரிலும் விலை அந்தச் சந்தையைப் பார்த்துத்தான் நகரும். எங்களுக்குக் கொட்டை தரும் வியாபாரி கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றினார்.

“நோட்டீஸ் நீயே எழுது தம்பி. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு” என்றார் முதலாளி. பேப்பரை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கால்குலேட்டரைக் கொடுத்தார்.

பச்சைக் கொட்டையை வறுத்தால் அதிலிருக்கும் ஈரம் போய்விடும். எங்கள் வறுவலுக்கு எடையில் நூற்றுக்குப் பதினாறு குறைகிறது. அதனால் ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு 1,190 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். அங்கே நூறு ரூபாய் ஏறினால் இங்கே 119 ஏறுகிறது. சிக்கரி விலையோ அசையவே இல்லை. ஆகவே சிக்கரி கலக்காத பொடிக்கு 119 ரூபாய் என்றால், 80:20 கலவைக்கு அதில் நூற்றுக்கு எண்பது, அதாவது 95 ரூபாய்தான். 70:30-க்கு 83. 60:40-க்கு 71.

எல்லாப் பொடிக்கும் ஒரே மாதிரி நூறு ரூபாய் ஏற்றியிருந்தால் நோட்டீஸ் ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆனால் மலிவான கலவை வாங்குகிறவர், வாங்காத கொட்டைக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ரிட்டையரான கணக்காளர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் சில்லறை. நூறு கிராம் வாங்குகிறவரிடம் ஐம்பது பைசா கேட்க முடியாது. அதனால் கிலோ விலை பத்துப் பத்தாகத்தான் ஏறவேண்டும். 119-ஐ 120 ஆக்கினோம், 83-ஐ 80, 71-ஐ 70. சிக்கல் அந்த 95-இல் வந்தது. நூறாக்குவதா, தொண்ணூறாக்குவதா? தொண்ணூறு என்றார் முதலாளி. வாடிக்கையாளர்கள் அதிகம் வாங்குவது 80:20-தான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கையைவிட்டுப் போகும். அது போனாலும் அவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூடாது என்பது அவர் கணக்கு.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விலையைத் தொடாமல் 70:30-ஐச் சத்தமில்லாமல் 60:40 ஆக்கிவிடுவது. சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பாக்கெட்டில் விகிதமும் அச்சிட வேண்டும். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்றால் அது ஏமாற்று. டிகாஷன் முன்னைவிடக் கறுப்பாக, கெட்டியாக இறங்கும், ஆனால் வாசனை வராது. சந்தேகப்படுகிறவர்கள் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரில் அரை ஸ்பூன் பொடியைத் தூவிப் பார்க்கலாம். காபி பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். விகிதம் எவ்வளவு என்று இது சொல்லாது. பழைய பொடியையும் புதுப் பொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம்.

கணக்கு முடிந்த பிறகுதான் பேப்பர் கைக்குத் திரும்ப வந்தது. இரண்டு நோட்டீஸ் கூடாது, ஒரே தாள் என்று முடிவாயிற்று. மேலே தமிழ், கீழே இங்கிலீஷ், நடுவில் ஒரே ஒரு விலைப் பட்டியல். இரண்டு மொழியிலும் தனித்தனியாக விலை எழுதினால், கடைசி நேரத்தில் ஒன்றைத் திருத்துவோம், மற்றது பழையபடி நிற்கும். பிறகு எது குறைவோ அதைத்தான் வாடிக்கையாளர் காட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது. பட்டியல் கிலோவில் இல்லை. அரைக் கிலோ, இருநூறு கிராம் என்று அவர்கள் வாங்குகிற அளவில், பழைய விலை, புது விலை இரண்டையும் போட்டோம். 80:20 அரைக் கிலோ 345 ரூபாயிலிருந்து 390. பழையதை மறைத்தால் எல்லோரும் கவுன்டரில் வந்து “முன்னாடி எவ்வளவு இருந்தது?” என்று கேட்பார்கள்.

தேதியை 1/2 என்று எழுதப் போனேன். அமெரிக்காவில் பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் அதை ஜனவரி 2 என்று படிப்பார்கள் என்றார் முதலாளி. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்தோம். தமிழ்ப் பகுதி கடைசியில் இப்படி நின்றது:

“பிப்ரவரி 1, சனிக்கிழமை காலையிலிருந்து காபிப்பொடி விலை கீழே உள்ளபடி மாறுகிறது. பச்சைக் கொட்டை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறியிருக்கிறது. சிக்கரி விலை ஏறவில்லை, அதனால் சிக்கரி கூடுதலான கலவைக்கு ஏற்றம் குறைவு. கலவை விகிதத்தில் மாற்றம் இல்லை. ஜனவரி 31 வரை பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.”

‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று நான் தொடங்கியிருந்ததை அவர் அடித்துவிட்டார். என்ன காரணம் என்று கேட்கத்தானே போகிறார்கள், எழுதிவிடு என்றார். இங்கிலீஷிலும் இதே ஐந்து செய்தி, இதே வரிசை. அங்கே மட்டும் ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வால் ஒட்டப் பார்த்தேன். தமிழ் படிக்கிறவரிடம் கேட்காத மன்னிப்பை இங்கிலீஷ் படிக்கிறவரிடம் மட்டும் ஏன் கேட்கிறாய் என்றார். அதுவும் போயிற்று.

சரிபார்க்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு நோட்டில் வாங்கும் மாமி ஒருவரிடம் தமிழை மட்டும் காட்டி, “சனிக்கிழமை உங்க அரைக் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கணும் மாமி?” என்று கேட்கச் சொன்னார். எதிர் பிளாட்டில் இருக்கும் புனேக்காரரிடம் இங்கிலீஷை மட்டும் காட்டி அதே கேள்வி. இருவரும் தயங்காமல் ஒரே தொகையைச் சொன்னால் ஒட்டலாம். மாமி சொன்னார், அவரும் சொன்னார். ஆனால் அவர் கூடவே, “ஷெல்ஃபில் இருக்கிற பாக்கெட்டுக்கும் புது விலையா?” என்று கேட்டார்.

அது நல்ல கேள்வி. முன்பே அடைத்து அதிகபட்ச விலை அச்சிட்ட பாக்கெட்டை அந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. அச்சிட்டதை அழித்தோ மேலே ஸ்டிக்கர் ஒட்டியோ ஏற்றவும் கூடாது. ஆகவே புது விலை கண்ணெதிரே அரைத்துத் தரும் பொடிக்கும், அதன் பிறகு அடைக்கிற பாக்கெட்டுக்கும்தான். அதை ஆறாவது செய்தியாக இரண்டு மொழியிலும் சேர்த்து, மறுபடி அச்சடித்தோம்.

ஒரு வாரம் முன்னதாகத்தான் ஒட்டினோம். ஒரு மாதம் முன்னால் சொல்வது மரியாதை என்று எனக்குப் பட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் பழைய விலையில் மூன்று கிலோ அரைத்துக்கொண்டு போவார்கள். அரைத்த பொடியின் வாசனை இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும், பிறகு “விலையும் ஏத்தினான், பொடியும் சரியில்லை” என்ற பேச்சு வரும். சேர்த்து வாங்கியே தீருவேன் என்றவர்களுக்கு, வீட்டில் மிக்ஸி இருந்தால், வறுத்த கொட்டையாகவே கொடுத்தோம்.

விலை இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். இதே தாள், இதே அளவு எழுத்து, இதே இடம், கணக்கைத் தலைகீழாகப் போடு என்றார். ஒரு வசதி மட்டும் கூடுதல். பழைய பாக்கெட்டில் குறைந்த விலைக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், அச்சிட்ட பழைய விலையை மறைக்காமல் இருந்தால் போதும்.