மொய் நோட்டும் ஐம்பதாயிரமும்

ஜேடர்பாளையத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, வந்த மொய்க்கு வரி உண்டா என்று நான் யோசிக்கவே இல்லை. மொய் என்பது நாம் ஊருக்குச் செய்தது நமக்குத் திரும்பி வருவது, அதில் வருமானம் எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் போன இடத்தில் ஆடிட்டர் மொய் நோட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராகப் பார்த்து, "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒருவருக்கு வரும் அன்பளிப்புப் பணம் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. அதைத் தாண்டினால் மொத்தத் தொகையும் வருமானமாகிவிடும். தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் வரி என்று நம்மில் பலர் நினைப்பது தவறு. ஆளுக்கு ஐம்பதாயிரம் என்ற கணக்கும் இல்லை. எத்தனை பேர் கொடுத்தாலும், வருடம் முழுக்க வந்ததைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2004இல் அன்பளிப்பை வருமானத்தில் சேர்த்தபோது வரம்பு 25,000. 2006இல் அது 50,000 ஆனது, இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சட்டம் சொல்லும் உறவு வேறு, நம் ஊர் உறவு வேறு. உடன்பிறந்தவர்கள், மனைவியின் உடன்பிறந்தவர்கள், சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெற்றோர், பிள்ளைகள், இவர்களுடைய கணவன் மனைவி எல்லாம் பட்டியலில் உண்டு. பெரியப்பா மகன் இல்லை. என்னை மிகவும் உறுத்தியது அக்கா மகன் விஷயம். தாய்மாமனான நான் அவனுக்கு எவ்வளவு சீர் செய்தாலும் அவனுக்கு வரி கிடையாது. அவன் எனக்கு மொய் வைத்தால் மட்டும் அது அந்நியர் பணம்!

என் நோட்டில் நண்பர்கள், அக்கம்பக்கத்தார், வெல்ல வியாபாரிகள் எழுதியது 38,500. அக்கா மகன் 10,000, பெரியப்பா மகன் 8,000. ஆக 56,500. அந்த இருவரையும் உறவாக எண்ணியிருந்தால் வரம்புக்குள் நின்றிருக்கும். முழு 56,500 ரூபாயையும் இதர வருமானத்தில் காட்டி, என் வரி விகிதப்படி கட்டினேன்.

கல்யாண மொய்க்கு விலக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். உண்டு, மணமகனுக்கும் மணமகளுக்கும் மட்டும். பெண்ணைப் பெற்றவர் தன் பெயரில் வாங்கும் மொய்க்கு அது பொருந்தாது. காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எதற்கும் விலக்கே இல்லை. அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டு மொய் நோட்டில் பெயர், ஊர், தொகையோடு முறை என்றும் ஒரு கட்டம் போட்டுவிடுகிறோம். கல்யாணமென்றால் மாப்பிள்ளை, பெண் பெயரில்தான் எழுதச் சொல்கிறேன். அந்தப் பணம் அவர்கள் கணக்கிலேயே போய்ச் சேரவும் வேண்டும்.