ரேகை தெரியணும்

ஹட்டன் நகரில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கடை முகப்பில் கட்ட பெனர் ஒன்று வேண்டியிருந்தது. கைபேசியில் வெளிநாட்டு விளம்பரம் ஒன்றைக் காட்டினார். மட்டையின் முகத்தில் மர ரேகைகள் துலக்கமாக ஓட, அடியில் புழுதி தெறிக்க, பின்னால் மின்விளக்குக் கோபுரத்தின் ஒளி பரவிக் கிடந்தது. “இதே மாதிரி, ஆனா நம்ம ஊர் கிரவுண்டுல” என்பதுதான் அவருடைய கட்டளை. படம் பிடிக்கப் போன புகைப்படக்காரருடனும் அவருக்கு உதவிக்கு வந்த இளைஞருடனும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

இடம், கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்து மைதானம். சரிவை வெட்டிச் சமன்படுத்திய நிலம் அது. ஒரு பக்கம் தேயிலை ஏறிப் போகிறது, மறுபக்கம் இறங்கிப் போகிறது. கொழுந்து நிறுத்து முடித்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகுதான் இங்கே பையன்கள் விளையாட இறங்குவார்கள். மென்பந்து ஆட்டம்தான், அதாவது டென்னிஸ் பந்து. கடையில் அதிகம் விற்பதும் அதற்கேற்ற காஷ்மீர் வில்லோ மட்டைகளே. விளம்பரத்துக்காக அதைவிட விலை கூடிய இங்கிலாந்து வில்லோ ஒன்றையும் முதலாளி கொண்டுவந்திருந்தார். அதை வைத்தே எடுக்கலாம் என்பது அவர் ஆசை.

இரண்டையும் அருகருகே வைத்ததும் வித்தியாசம் தெரிந்தது. ரேகை என்பது மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. விதிப்படி மட்டையின் அகலம் 10.8 சென்டிமீற்றரைத் தாண்டக்கூடாது. அதற்குள் ஒன்பது ரேகை இருந்தால் மரம் வருடத்துக்கு ஏறத்தாழ 1.2 சென்டிமீற்றர் பருத்திருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்து மட்டையில் ரேகைகள் நேராக, வெளிர் மரத்தில் மெல்லிய கோடுகளாக ஓடின. காஷ்மீர் மட்டையில் மரமே பழுப்பேறியிருந்தது. கோடுகள் அகன்றும் கொஞ்சம் வளைந்தும் போயின. கனமும் கூடுதல். ரேகை எண்ணிக்கையைப் பார்த்து மட்டையின் தரத்தை மதிப்பது வாங்குபவர்களின் பழக்கம். ஆனால் டென்னிஸ் பந்துக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. ரேகை பார்த்து வாங்குவதில் பாதி அழகுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

படமெடுப்பில் முதல் சிக்கல் மட்டையின் முகத்தில் ஒட்டியிருந்த நிறமற்ற பிளாஸ்டிக் தாள். புது மட்டையைச் சிராய்ப்பிலிருந்து காக்க அதை ஒட்டுகிறார்கள். உரித்தால் ரேகை நன்றாகத் தெரியும், ஆனால் முதலாளி விடவில்லை. “நாளைக்கு இதை வித்தாகணும் தம்பி.” நியாயம்தான். புகைப்படக்காரர் முதலில் விளக்கைத் தாழ வைத்து, முகத்தை உரசுகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து அடித்தார். சொரசொரப்பைக் காட்ட இதுதான் வழக்கமான வித்தை. திரையில் பார்த்தால் ரேகை வரவில்லை, தாளுக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள்தான் பளபளத்தன. காரணம் எளிது. இழைத்துத் தேய்த்த மட்டையில் ரேகை மேடுபள்ளமாக இருப்பதில்லை, அது நிற வேறுபாடு மட்டும்தான். உரசி வரும் ஒளி மேடுபள்ளத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டாது.

ஆகவே பெரிய வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் கட்டி, அதன் பின்னிருந்து ஒரு விளக்கை எரியவிட்டு, மென்மையான வெளிச்சத்தை மட்டையின் முகத்தில் பரப்பினார்கள். லென்ஸில் துருவமாக்கும் வடிகட்டியை மாட்டிப் புகைப்படக்காரர் திருப்பினார். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மட்டைக்கு நேர் எதிரே நின்று திருப்பினால் பளபளப்பு அப்படியே நிற்கும். அந்த நேர்கோட்டிலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் ஒதுங்கி நின்றால்தான் பிளாஸ்டிக்கின் பளபளப்பு விலகும். அவர் ஒதுங்கிப் போகப் போக, வெள்ளைப் படலம் கரைந்து ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சாய்வால் மட்டை ஒடுங்கித் தெரிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது புழுதி. மலையகத்தில் புழுதி பறப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான காய்ந்த மாதங்களில்தான். நாங்கள் போனபோது தரை ஈரக் களிமண், மட்டையால் தட்டினால் ‘சொத்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. கடையில் மட்டை பழுதுபார்க்கும் அண்ணனும் வந்திருந்தார்; அந்தச் சத்தத்துக்கே அவர் முகம் சுளித்தார். கைப்பிடியில் நூல் சுற்றுவதும் ரப்பர் உறை மாற்றுவதும் விரிசலுக்குப் பசை ஊற்றிக் கட்டுவதும் அவர் வேலை. இந்த ஊரில் அவரிடம் அதிகம் வருவது அடி நுனி ஊறிப்போன மட்டைகள். ஈரத்தரையில் ஊன்றி ஊன்றி ஆடினால் நுனி தண்ணீரைக் குடித்து உப்பி, காய்ந்ததும் பிளக்கிறது. “அடியில மெழுகு தேய்ச்சிட்டுப் போங்கன்னா எவன் கேக்குறான்?” என்றார். புது மட்டையைத் தரையில் ஒரு தரம்கூடத் தட்ட விடவில்லை. பழைய உடைந்த மட்டை ஒன்றைக் கொடுத்து, “வேணும்னா இதால அடிச்சுக்கோங்க” என்றார்.

புழுதியைச் செயற்கையாக உண்டாக்குவது என்று முடிவாயிற்று. உதவிக்கு வந்த இளைஞர் கோதுமை மா கேட்டார்; புகைப்படக்காரர் தலையாட்டி மறுத்தார். காற்றில் பறக்கும் மாவில் பொறி பட்டால் தீப்பிடிக்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைத் தூள் கொண்டு வரவா என்று ஒருவர் கேட்டதும் சிரிப்பு எழுந்தது. கருப்புத் தூள் ஒளியை விழுங்கிவிடும், படத்தில் ஏறாது. டால்கம் பவுடர் மட்டும் போட்டால் மூடுபனி போலத் தெரியும். கடைசியில் சலித்த செங்கல் பொடியையும் பவுடரையும் கலந்து ஒரு பழைய காலுறைக்குள் கட்டி, மட்டையின் பின்னால் தரைக்குச் சற்று மேலே பிடித்து மற்றக் கையால் அறைந்தார்கள். செங்கல் பொடி உடனே விழ, பவுடர் கொஞ்ச நேரம் மிதந்தது. இரண்டும் சேர்ந்தபோது பழக்கப்பட்ட செம்மண் புழுதி.

புழுதி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வர வேண்டும். கெமரா பக்கமிருந்து அடித்தால் அது வெளிறிய கறையாகத்தான் நிற்கும். மூங்கில் கம்பத்தில் கட்டிய எல்இடி மின்விளக்கை மட்டையின் தோளுக்குப் பின்னால் மறைகிறபடி வைத்தார்கள். விளக்கு நேராகத் தெரிந்தால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறி ரேகை வெளுத்துப்போகும். தோள் மறைத்ததும் விளிம்பில் ஒரு கோடு மட்டும் எரிந்தது.

அடுத்த தொல்லை ஜெனரேட்டர். மலிவான எல்இடி விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 தடவை. அப்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது. ஜெனரேட்டரோ அந்தக் கணக்கில் நிற்பதில்லை, வேகம் ஏறி இறங்குகிறது. திரையில் சாம்பல் பட்டைகள் வந்ததைப் பார்த்ததும் புகைப்படக்காரர் 1/25 நொடிக்கு இறங்கினார். பல துடிப்புகள் ஒன்றுசேர்ந்து சராசரியாகி, பட்டை போயிற்று. ஆனால் அந்த வேகத்தில் புழுதி வெறும் புகையாகக் குழம்பும். அதற்காக எல்இடிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாஷை, செம்மஞ்சள் தாள் ஒட்டி, ஒளித்து வைத்தார். விளக்கின் ஒளியை ஷட்டர் நிதானமாக வாங்கியது. ஃபிளாஷின் கணநேர வெளிச்சம் பறக்கும் துகள்களை அப்படியே உறைய வைத்தது. மட்டையைக் கம்பியில் பொருத்தி நிற்கவைத்திருந்ததால் அது ஆடவில்லை.

இருட்டியதும் சரிவிலிருந்து மூடுபனி இறங்கியது. விளம்பரத்தில் இருந்த ஒளிப்பரவலுக்கு இனி யாரும் உழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஈரம் கூடக் கூட லென்ஸ் மங்கியது. ஒவ்வொரு எடுப்புக்கும் துடைக்க ஒருவர் நின்றார்.

இரண்டு மட்டைகளையும் படம் பிடித்து முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. முதலாளிக்கு இங்கிலாந்து மட்டையின் படம்தான் பிடித்திருந்தது. புகைப்படக்காரருக்கும் அதில் மறுப்பில்லை. கணினியில் கோடுகளை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கலாம் என்றார். பழுதுபார்க்கும் அண்ணன்தான் தடுத்தார். “இந்தப் படத்தைப் பாத்துட்டு வர்ற தோட்டத்துப் பையன் கைல காஷ்மீரைத்தான குடுக்கப் போறீங்க? அவன் கோட்டை எண்ணிப் பாப்பான் முதலாளி. அப்புறம் எங்கிட்டதான் சண்டைக்கு வருவான்.” எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. கோட்டை எண்ணி விலை பேசுகிற பொருளில் இல்லாத கோட்டைக் காட்டுவது தராசில் கை வைப்பது போலத்தான்.

காஷ்மீர் மட்டையின் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். பழுப்பு மரம், செம்மண் புழுதி, செம்மஞ்சள் விளக்கு எல்லாம் ஒரே குடும்பத்து நிறங்களாக அமைந்ததில், பார்க்கவும் இதுவே நன்றாக இருந்தது. பெனர் அச்சில் இருண்ட பகுதிகள் அடைபட்டுக் கருப்பாகிவிடும் என்பதால், பின்னணியில் தேயிலைச் சரிவு மங்கலாகவாவது தெரியும்படி படத்தைச் சற்று வெளிச்சமாக்கினார்கள். கீழே எழுத்தில் ‘காஷ்மீர் வில்லோ, மென்பந்துக்கு’ என்று பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு, முதலாளி அச்சகத்துக்குப் பணம் கொடுத்தார்.